சோபாவுக்கு மேல் மூன்று படங்கள்: தாள், அளவு, லேப் முடிவான வரிசை

புகைப்படம் அச்சிடும் லேப்களின் விலைப்பட்டியலைத் திறந்தால் முதலில் தாள், அடுத்து அளவு, கடைசியில் பிரேம் என்ற வரிசையில்தான் கேள்விகள் வருகின்றன. சென்னையில் எங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில் இப்போது தொங்கும் மூன்று படங்களுக்கும் அந்த வரிசை பொருந்தவில்லை. சுவருக்கு எதிரே என்ன இருக்கிறது என்பது முதலிலும், எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்போம் என்பது அடுத்தும் முடிவானது. கண்ணாடி, தாள், லேப் ஆகியவை அதற்குப் பின்னரே வந்தன. எந்தப் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதைக்கூடச் சுவர்தான் மாற்றியது.

படங்கள் மூன்று. காரைக்குடியில் ஒரு செட்டிநாட்டு வீட்டின் முற்றம் முதலாவது. கருத்த தேக்குத் தூண்களுக்கு நடுவே வெயில் ஒரு சதுரமாக விழுந்திருக்கும். வேதாரண்யம் உப்பளத்தில் காலை ஏழு மணி வெளிச்சத்தில் எடுத்தது இரண்டாவது. வெளிறிய வானமும் உப்புக் குவியல்களும் பாத்திகளில் தேங்கிய நீரும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. இவ்விரண்டும் 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்தவை. 6000 × 4000 பிக்சல். மூன்றாவது, பாட்டி திண்ணையில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்வது. 12 மெகாபிக்சல் கைபேசியில் எடுத்தது. முற்றத்தைப் பெரிதாகவும் மற்ற இரண்டைச் சிறிதாகவும் மாட்டுவதாகத்தான் திட்டம் இருந்தது.

சுவரின் கீழ்ப்பகுதியை 78 அங்குல நீளமுள்ள சோபா அடைத்திருக்கிறது. அதன் முதுகு தரையிலிருந்து 34 அங்குலம். எதிர்ச்சுவரில், நாங்கள் வழக்கமாக அமரும் நாற்காலிகளுக்குப் பின்னால், பால்கனியின் அகலமான கண்ணாடிக் கதவு இடப்பக்கமாக இருக்கிறது. அதன் மேலே டியூப்லைட். நாற்காலியிலிருந்து படச்சுவர் 9 அடி. சோபா குறுக்கே இருப்பதால் யாரும் படத்துக்கு 3 அடிக்குள் நெருங்க முடியாது. பின்னர் செய்த எல்லாக் கணக்குகளுக்கும் இந்த 9 அடியும் 3 அடியும்தான் ஆதாரம்.

அளவைப் பற்றி யோசிக்கும்போது பெரும்பாலோர் ‘என் கேமராவின் பிக்சல் இதற்குப் போதுமா’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு விடை எளிது. சாதாரணப் பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தில் இருக்கும் நுணுக்கத்தைப் பிரித்தறியும் என்று கொள்வது வழக்கம். அதன்படி, 3438 என்ற எண்ணைப் பார்க்கும் தூரத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் ஓர் அங்குலத்துக்குத் தேவையான பிக்சல் எண்ணிக்கை கிடைக்கும். 3 அடிக்கு, அதாவது 36 அங்குலத்துக்கு, அது சுமார் 95. 6000 பிக்சல் அகலமுள்ள படத்தை 30 அங்குல அகலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 200 பிக்சல் கிடைக்கிறது. கைபேசிப் படத்தை அதே அகலத்தில் அச்சிட்டால்கூட 134 வருகிறது. எல்லோரும் சொல்லும் 300 என்ற எண் கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கானது. சோபாவுக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கு அது தேவையில்லை. ஒரு விலக்கு உண்டு. குறைந்த வெளிச்சத்தில் எடுத்த கைபேசிப் படங்களில் புள்ளிகளை நீக்கும் மென்பொருள் முடியையும் துணியின் இழையையும் குழைத்துவிடுகிறது. அங்கே பிக்சல் எண்ணிக்கை இருக்கும், விவரம் இருக்காது. பாட்டியின் படம் பகல் வெளிச்சத்தில் எடுத்தது என்பதால் அந்தக் கவலை எழவில்லை.

சுவரில் படம் மிகச் சிறிதாகிவிடுவதுதான் இன்னும் அடிக்கடி நேர்கிற கோளாறு. 9 அடியில் இருக்கும் 12 அங்குலப் படம், 2 அடியில் பிடித்த 2.7 அங்குலப் படம் அளவுக்குத்தான் கண்ணில் விழும். அது ஏறக்குறைய ஒரு கைபேசித் திரையின் அகலம். எனவே செலவில்லாத ஒரு சோதனை கிடைக்கிறது. கைபேசியை நிமிர்த்தி, அகலவாட்டுப் படம் ஒன்றைத் திரையின் குறுக்களவுக்குள் வைத்து, 2 அடி தள்ளிப் பிடித்துப் பார்த்தால் 8 × 12 அங்குலப் படம் சுவரில் எப்படித் தெரியும் என்பது விளங்கும். அதே கைபேசியைப் படுக்கவைத்துத் திரை முழுவதும் படத்தைப் பரப்பினால், ஏறக்குறைய 20 × 30 எப்படித் தெரியும் என்பது விளங்கும். உப்பளம் நிமிர்ந்த கைபேசியில் ஒரு சாம்பல் பட்டையாகத் தேய்ந்துபோனது. படுக்கவைத்ததும் குவியல்களின் வரிசையும் நீரில் அவற்றின் நிழலும் தெரிந்தன. முற்றம் இரண்டிலும் தாக்குப்பிடித்தது. இருட்டும் ஒரு வெயில் சதுரமும் எந்த அளவிலும் புரிந்துவிடுகின்றன. பாட்டியின் படத்தைப் பார்த்த அம்மா, “முகம் ஏன்டா இவ்வளவு சின்னதா இருக்கு? திண்ணையா முக்கியம்?” என்றார். அவர் சொன்னது சரி. திண்ணையின் பாதியை வெட்டி, முகமும் கையும் கீரையும் மட்டும் நிற்குமாறு 3:2 விகிதத்தில் மறுபடி வெட்டினேன். அப்போதும் 2700 பிக்சல் அகலம் மிஞ்சியது. 12 அங்குலத்துக்கு அது தாராளம்.

பிறகு பழைய செய்தித்தாள்களை உத்தேச அளவுகளில் வெட்டிச் சுவரில் ஒட்டிப் பார்த்தோம். முதலில் 24 × 36 அங்குலப் படம் ஒன்றே போதும் என்று நினைத்திருந்தேன்; படத்தைச் சுற்றி வரும் அட்டை ஓரமான மவுண்ட்டும் சட்டமும் சேர்த்து வெட்டிய தாளை ஒட்டியதும் அது சுவரில் இன்னொரு ஜன்னலைத் திறந்ததுபோல் நின்றது, மற்ற இரண்டுக்கும் இடமும் இல்லை. கடைசியில் நின்ற ஏற்பாடு இது: இடப்பக்கம் 20 × 30 ஒன்று, அதன் வலப்பக்கம் 8 × 12 இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. பெரிய படத்துக்குச் சுற்றிலும் இரண்டரை அங்குல மவுண்ட், முக்கால் அங்குலச் சட்டம் என்று வைத்தால் வெளியளவு 36½ × 26½ ஆகிறது. சிறியவை இரண்டும் நடுவே 2 அங்குல இடைவெளியுடன் அதே 26½ அங்குல உயரத்துக்குள் அடங்க வேண்டுமானால் ஒவ்வொன்றின் வெளியுயரமும் 12¼ இருக்க வேண்டும். அதில் சட்டத்துக்கு ஒன்றரை, படத்துக்கு எட்டு போக, மவுண்ட்டுக்கு மேலும் கீழும் 1⅜ அங்குலம் மிஞ்சுகிறது. இந்தக் கணக்கைப் போடாமல் எல்லாவற்றுக்கும் ‘இரண்டங்குல மவுண்ட்’ என்று கடையில் சொல்லியிருந்தால் மேல்கீழ் விளிம்புகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்காது. மொத்த அகலம் ஏறக்குறைய 55 அங்குலம்; சோபாவின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே அதிகம். சோபாவின் முதுகிலிருந்து 8 அங்குலம் விட்டுப் படங்கள் தொடங்குகின்றன. அதற்குக் குறைத்தால் சாய்ந்து உட்காருபவர்களின் தலை சட்டத்தில் இடிக்கும்.

இதற்கடுத்து ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி திட்டத்தையே மாற்றியது. செய்தித்தாள் ஒட்டிய இடங்களில் சிறிய கண்ணாடி ஒன்றை ஒவ்வொரு மூலையாகவும் நடுவிலும் சுவரோடு ஒட்டப் பிடிக்கச் சொல்லி, நான் நாற்காலியில் அமர்ந்து பார்த்தேன். அதில் எது தெரிகிறதோ அதுவே பிரேமின் கண்ணாடியிலும் தெரியும். பெரிய படத்தின் இடத்தில் பால்கனிக் கதவும் அதற்கப்பாலுள்ள வானமும் தெரிந்தன. மேல் விளிம்பருகே டியூப்லைட். சிறிய படங்களின் இடத்தில் கதவுக்குப் பக்கத்திலுள்ள வெறும் சுவர் மட்டும் தெரிந்தது.

சாதாரணக் கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டு பரப்பும் சேர்ந்து 8 சதவீதம். படத்தின் வெளிறிய பகுதிகளிலிருந்து வரும் ஒளி இந்த 8 சதவீதத்தை மூழ்கடித்துவிடும். கருத்த பகுதிகளில் அதற்கு எதிர்ப்பே இல்லை, அங்கே கண்ணாடி முகம்பார்க்கும் கண்ணாடியாகவே ஆகிவிடும். முற்றத்தின் இருண்ட தூண்களைக் கதவுக்கு நேரெதிரே 20 × 30 அளவில் வைத்திருந்தால் பகல் முழுவதும் தூண்களுக்குப் பதிலாக எங்கள் பால்கனிக் கொடிக்கயிற்றையும் அதில் காயும் துணிகளையும் பார்த்துக்கொண்டிருந்திருப்போம். எனவே பெரிய இடம் உப்பளத்துக்குப் போனது, முற்றம் வலப்பக்கம் மேலே சிறிய இடத்துக்கு வந்தது. கைபேசிச் சோதனையும் இதையே சொல்லியிருந்ததால் மனம் வருந்தவில்லை.

கண்ணாடியே இல்லாமல் மாட்டலாமே என்ற யோசனையும் வந்தது. தாள் விற்பவர்கள் அதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள், ஏனெனில் தாளின் பரப்பு அப்போதுதான் தெரியும். எங்கள் வீட்டில் பல்லியும் ஈரக்காற்றும் உண்டு. துடைக்க முடியாத பரப்பைத் திறந்து வைக்கத் துணிவில்லை. பரப்பைச் சொரசொரப்பாக்கிய ‘நான்-கிளேர்’ கண்ணாடி பிரதிபலிப்பைக் கலைக்கிறது. ஆனால் மவுண்ட்டின் தடிமனால் படத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி வரும்போது அது படத்தையும் சேர்த்து மங்கலாக்குகிறது. பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சுடைய கண்ணாடி மிக நன்றாக இருக்கிறது, ஆனால் பிரேம் கடையில் சாதாரணக் கண்ணாடியைப்போல் நான்கு மடங்குக்கு மேல் விலை சொன்னார்கள். மூன்றுக்கும் சாதாரணக் கண்ணாடியே என்று முடிவு செய்தேன்.

கண்ணாடி உறுதியானதும் தாளைப் பற்றிய பேச்சில் பாதி தானாகவே அடங்கிவிட்டது. தாள்கள் என் வரையில் மூன்று வகையாக நின்றன. கலர் லேப்களில் லேசர் ஒளிபட்டு, மருந்தில் கழுவி வரும் வெள்ளி உப்புத் தாள், கிளாஸி பரப்பில். அதே தாள், நுண்ணிய மேடுபள்ளமுடைய லஸ்டர் பரப்பில். மூன்றாவது, நிறமி மையால் இங்க்ஜெட் முறையில் அச்சிடும் பருத்தித் தாள், மேட் பரப்பில். கிளாஸியை உடனே நீக்கினேன். கண்ணாடியின் பளபளப்புக்கு மேல் இன்னொரு பளபளப்பு தேவையில்லை. அதோடு அதன் வழவழப்பான ஜெலட்டின் பரப்பு ஈரக்காற்றில் கண்ணாடியோடு எங்காவது தொட்டுவிட்டால் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் படம் கண்ணாடியோடுதான் வரும். பல வீடுகளில் பழைய கல்யாணப் படங்களில் தெரியும் ஈரத்திட்டுகள்போன்ற மினுமினுப்பான கறைகள் பெரும்பாலும் இப்படி ஒட்டியவைதான். எந்தத் தாளானாலும் மவுண்ட் கட்டாயம் என்பதற்கு இதுவே முதல் காரணம், அழகு அதற்கடுத்ததுதான்.

லஸ்டருக்கும் பருத்தி மேட்டுக்கும் இடையே முடிவு செய்ய ஒரு சோதனைத் தாள் தயாரித்தேன். முழுப் படத்தையும் சிறிதாக அச்சிட்டுப் பார்ப்பதில் பயன் குறைவு. சிறிய படம் எப்போதும் கூர்மையாகவும் செறிவாகவும் தெரியும். ஆகவே ஒவ்வொரு படத்தையும் இறுதி அளவுக்குப் பெரிதாக்கி, அதிலிருந்து முக்கியமான பகுதியில் 6 × 4 அங்குலத் துண்டு ஒன்றை வெட்டினேன். உப்பளத்தில் வானமும் குவியலும் சேரும் இடம், முற்றத்தில் தூணின் நிழல்பக்கம், பாட்டியின் முகம். ஒவ்வொரு துண்டையும் மூன்று வெளிச்ச நிலைகளில் சேமித்தேன்: திரையில் இருந்தபடி ஒன்று, மூன்றில் ஒரு ஸ்டாப் கூட்டி ஒன்று, மூன்றில் இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று. ஒரு முழு ஸ்டாப் கூட்டுவது என்றால் வெளிச்சத்தை இரட்டிப்பாக்குவது. இந்த ஒன்பது துண்டுகளும் 18 × 12 அங்குலத் தாள் ஒன்றில் மிச்சமின்றி அடங்குகின்றன. அந்த அளவைத் தெருமுனை ஸ்டுடியோவிலும் அச்சிடலாம், ஏனெனில் மினிலேப் இயந்திரங்கள் பலவற்றின் தாள் அகலம் 12 அங்குலம்.

தெருமுனை ஸ்டுடியோவுக்குப் போவதற்கு முன், இயந்திரம் தானாகத் திருத்தம் செய்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பெரும்பாலான மினிலேப் மென்பொருள்கள் எந்தப் படத்தையும் நடுத்தர வெளிச்சத்துக்கு இழுக்கப் பார்க்கும். வெளிறிய உப்பளம் சாம்பலாகும், இருண்ட முற்றம் வெளுத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு 4 × 6 அச்சுகள் போதும். உப்பளப் படத்தின் மூலையிலும் முற்றப் படத்தின் மூலையிலும் ஒரே சாம்பல் கட்டத்தை, மூன்று நிறங்களுக்கும் 128 என்ற ஒரே மதிப்பில், வைத்துத் தனித்தனியே அச்சிடச் சொன்னேன். அச்சில் இரு கட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றாக இருக்க வேண்டும். என் கைக்கு வந்தவற்றில் ஒரு கட்டம் நிலக்கரிச் சாம்பலாகவும் மற்றது வெளிர் சாம்பலாகவும் இருந்தன. ‘கரெக்‌ஷன் எதுவும் போடவில்லை’ என்றுதான் அவர்கள் சொன்னார்கள். கட்டங்களைக் காட்டியதும் ஆபரேட்டர் ஒரு அமைப்பை அணைத்துவிட்டு மறுபடி அச்சிட்டுத் தந்தார், இம்முறை இரண்டும் ஒன்றாக இருந்தன. ஆனால் அவரே, “அடுத்த தடவை வேற ஆள் இருந்தா மறுபடி சொல்லணும் சார்” என்றார். அந்த நேர்மை பிடித்திருந்தது, கவலையும் தந்தது.

அதே இடத்தில் லேமினேஷன் பேச்சும் வந்தது. “எதுக்கு சார் கண்ணாடி? எம்டிஎஃப் பலகையில ஒட்டி மேட் லேமினேஷன் போட்டுடலாம். ரிஃப்ளெக்‌ஷனே வராது, துடைக்கலாம், பாதி விலை.” பிரதிபலிப்பைப் பொறுத்தவரை அவர் சொன்னது உண்மை. மாடிப்படி ஓரத்திலோ குழந்தைகள் பந்து எறியும் அறையிலோ மாட்டுவதற்கு நானும் அதைத்தான் தேர்வேன். ஆனால் ஒட்டிய பிளாஸ்டிக் படலத்தைப் படத்திலிருந்து திரும்பப் பிரிக்க முடியாது, எம்டிஎஃப் பலகை ஈரச்சுவரின் நீரை உறிஞ்சி ஓரங்களில் உப்பும். மழைக்காலத்தில் எங்கள் சுவர் குளிர்ந்து ஈரம் கட்டுவது உண்டு என்பதால் அதை விட்டுவிட்டேன்.

சோதனைத் தாள் லஸ்டரில் ஸ்டுடியோவிலிருந்தும், பருத்தி மேட்டில் நகரிலுள்ள ஓர் இங்க்ஜெட் லேபிலிருந்தும் வந்தது. பருத்தித் தாளாக நான் கேட்டது கேன்சன் ராக் போட்டோகிராஃபிக், சதுர மீட்டருக்கு 310 கிராம் எடையுள்ளது. முழுவதும் பருத்தி நார், வெண்மை கூட்டும் ஒளிர்பொருள் சேர்க்காதது. இரண்டு தாள்களையும் சுவரில் ஒட்டி, முன்னால் ஒரு சாதாரணக் கண்ணாடித் தகட்டைச் சாய்த்து, பகலிலும் இரவிலும் பார்த்தோம். முதலில் சொல்ல வேண்டியது, 9 அடியில் கண்ணாடிக்குப் பின்னால் பருத்தித் தாளின் பரப்பழகு எதுவும் தெரிவதில்லை. அதற்காக மட்டும் பணம் கொடுப்பது வீண். இரண்டு வேறுபாடுகள்தான் மிஞ்சின. ஒன்று, ஓரத்திலிருந்து பார்க்கும்போது லஸ்டரின் மேடுபள்ளங்கள் பால்கனி வெளிச்சத்தில் மினுங்கி உப்பளத்தின் வானத்தைப் பொடிப்பொடியாகக் காட்டின. மேட்டில் வானம் அமைதியாக இருந்தது.

இரண்டாவது, வெண்மை. ஒளிர்பொருள் சேர்த்த தாள் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பித் தருகிறது. பகலில் பால்கனி வெளிச்சத்தில் லஸ்டர் தாள் பளிச்சென்ற நீல வெண்மையோடு இருந்தது. வீட்டு எல்இடி விளக்குகளில் புற ஊதா மிகக் குறைவு. இரவில் அந்த வெண்மை அடங்கிச் சற்றே மஞ்சளோடியது. படத்தில் பெரும்பகுதி வெண்மையாகவே இருக்கும் உப்பளத்துக்கு இந்த ஏற்ற இறக்கம் நன்றாகத் தெரிந்தது. முற்றத்தில் ஒன்றும் தெரியவில்லை. பருத்தித் தாள் பகலிலும் இரவிலும் ஒரே மாதிரியான, சற்று வெதுவெதுப்பான வெண்மையில் நின்றது, சந்தன நிறச் சுவருக்கும் அது இணங்கியது.

முற்றத்துக்கு மட்டும் பார்த்தால் லஸ்டர்தான் சிறந்தது. மேட் தாள் தரும் கருமைக்கு ஓர் எல்லை உண்டு. அடர்த்தி அளவில் அது ஏறக்குறைய 1.7, நல்ல லஸ்டரும் கிளாஸியும் 2-ஐத் தாண்டிவிடும். தூணின் நிழல்பக்கத்திலிருந்த செதுக்கல்கள் மேட்டில் முதல் வெளிச்ச நிலையில் ஒரே கருப்பாக அடைந்துபோயின. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும் படங்களில் ஒன்று நீல வெண்மையிலும் மற்றது வெதுவெதுப்பான வெண்மையிலும் இருந்தால் இரண்டில் ஒன்று அழுக்காகத் தெரியும். ஒரே சுவருக்கு ஒரே தாள் என்று வைத்துக்கொண்டு, முற்றத்தின் நிழல்களை மட்டும் உயர்த்தினேன்.

எவ்வளவு உயர்த்துவது என்பதற்கான விடை சோதனைத் தாளிலேயே இருந்தது. உப்பளத்துக்குத் திரையில் இருந்த நிலையே சரி. ஒரு படி கூட்டியதும் குவியல்களின் வெயில்பக்கம் வெறும் தாளாகிவிட்டது. பாட்டிக்கு மூன்றில் ஒரு ஸ்டாப். முற்றத்துக்கு மூன்றில் இரண்டு, அதையும் முழுப் படத்துக்கும் கொடுக்காமல் நிழல்களுக்கு மட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கூட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன், அது அப்படியில்லை. திரை தானே ஒளிர்வது, அச்சு அறையின் ஒளியைக் கடன் வாங்குவது; எனவே அச்சு எப்போதும் இருண்டுதான் தெரியும். எவ்வளவு இருளும் என்பது படத்தில் நிழல் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.

லேபைத் தேர்வதற்கு இதற்குப் பிறகு அதிக நேரம் ஆகவில்லை. 20 அங்குல அகலமுள்ள அச்சு என்பதால் ஸ்டுடியோவின் 12 அங்குலச் சுருள் தானாகவே விலகிவிட்டது. இங்க்ஜெட் லேப்களில் இரண்டைக் கேட்டேன். உங்கள் அச்சுப்பொறிக்கும் இந்தத் தாளுக்குமான நிற விவரக் கோப்பை அனுப்புவீர்களா, படத்தைச் சுற்றி ஒரு அங்குல வெள்ளை ஓரம் விடுவீர்களா, இறுதியில் அச்சிடப்போகும் அதே தாளிலும் அதே இயந்திரத்திலும் சோதனைத் தாளை அச்சிடுவீர்களா என்பவை என் கேள்விகள். ஒருவர் ‘sRGB-யில் அனுப்புங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்றார். sRGB என்ற பொதுவான நிற வரையறையில் அனுப்புவதில் தவறில்லை, வெள்ளி உப்புத் தாளுக்கு வழக்கமே அதுதான்; ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்பதுதான் இடறியது. மற்றவர் கோப்பை அனுப்பியதோடு, 24 அங்குலச் சுருள் என்பதால் ஓரத்தோடு சேர்த்து 22 அங்குலம் வரும் என் படம் அடங்கும் என்றும், 24 × 36 ஆக இருந்தால் ஓரம் விட இடமிருக்காது, 44 அங்குல இயந்திரம் வைத்திருப்பவரிடம் போக வேண்டும் என்றும் தானாகவே சொன்னார். வேலையை இரண்டாமவரிடம் கொடுத்தேன்.

அந்த ஒரு அங்குல ஓரம் சிறிய விஷயமாகத் தோன்றலாம், ஆனால் பிரேம் போடும் நாளில் அதன் பயன் தெரியும். மவுண்ட் தாளைப் பிடிக்க ஓர் இடம் வேண்டும். ஓரமில்லாத அச்சில் அந்த இடத்தைப் படம்தான் தர வேண்டும், பாட்டியின் முழங்கை சட்டத்துக்குள் போயிருக்கும். பிரேம் கடைக்காரர் அச்சின் நான்கு பக்கத்திலும் இரட்டைப் பக்க டேப் ஒட்டி அட்டையில் அழுத்தப் போனார். பருத்தித் தாள் ஈரக்காற்றில் விரியும், வெயில் நாளில் சுருங்கும். நான்கு பக்கமும் கட்டிப்போட்டால் நடுவில் அலை எழும்பும். மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு சிறிய காகிதக் கீல்களால் தொங்கவிடச் சொன்னேன். அவர் அரைமனத்தோடுதான் செய்தார். அமிலமற்ற மவுண்ட் அட்டையையும், ஹார்ட்போர்டுக்கும் அச்சுக்கும் நடுவே அதே அட்டையில் இன்னொரு தகட்டையும் கேட்டு வாங்கினேன். பின்புறம் முழுவதும் டேப்பால் அடைத்து, கீழ் மூலைகளில் ரப்பர் பொத்தான்கள் ஒட்டியிருக்கிறது. சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று போக அவை வழிவிடுகின்றன.

செலவைச் சொல்லிவிடுகிறேன். பருத்தித் தாளில் அச்சு, சதுர அடிக்கு 850 ரூபாய் வீதம் ஓரங்களையும் சேர்த்து மூன்று படங்களுக்கும் சுமார் 5,800. அதே தாளில் சோதனை அச்சுக்கு 1,275. பிரேம், மவுண்ட், கண்ணாடி எல்லாம் சேர்த்து 6,000. லஸ்டர் தாளில் இதே மூன்று படங்களை ஒரு கலர் லேபில் அச்சிட்டிருந்தால் அச்சுச் செலவு ஆயிரத்தைச் சற்றே தாண்டியிருக்கும். வெளிறிய படம் எதுவும் இல்லாத சுவரானால் நான் லஸ்டரையே எடுத்து, மிஞ்சும் பணத்தைக் கண்ணாடியில் போட்டிருப்பேன்.

மாட்டுவதற்கு 6 மில்லிமீட்டர் துளையும் பிளாஸ்டிக் பிளக்கும் திருகும், ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு இடத்தில். ஒற்றை ஆணியில் மாட்டிய படம் ஒவ்வொரு முறை கதவு அடிபடும்போதும் சாயும். பெரிய படத்தின் மேல் விளிம்பில் தெரிந்த டியூப்லைட்டை விரட்ட, சட்டத்தின் மேல்பக்கப் பின்புறத்தில் ஒன்றரை அங்குலக் கட்டைகள் வைத்து முன்புறம் சாய்த்தேன். கண்ணாடி 3 பாகை சாய்ந்தால் பிரதிபலிப்பு 6 பாகை கீழே இறங்கும். டியூப்லைட் பார்வையிலிருந்து போய்விட்டது. கதவுக்கு இந்த உபாயம் எடுபடாது, அது தரைவரை இருப்பதால் எவ்வளவு சாய்த்தாலும் கதவின் இன்னொரு பகுதிதான் வரும். உப்பளத்தின் வெண்மை அதை விழுங்கிவிடுகிறது; பாத்திகளின் இருண்ட கரைகளில் மட்டும் உற்றுப்பார்த்தால் கதவுச் சட்டம் தெரிகிறது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை இரண்டு. சிறிய படங்களின் மவுண்ட் 1⅜ அங்குலம் என்பது பெரிய படத்தின் இரண்டரைக்குப் பக்கத்தில் ஒல்லியாகத் தெரிகிறது. படங்களை 7 × 10½ ஆகக் குறைத்திருந்தால் அதே வெளியளவுக்குள் மவுண்ட் ஏறக்குறைய இரண்டு அங்குலம் கிடைத்திருக்கும். இன்னொன்று, முற்றம் பகலில் நன்றாக இருந்தாலும் இரவில் மேசை விளக்கைப் போட்டால் தூண்களில் விளக்கு தெரிகிறது. முகம்பார்க்கும் கண்ணாடிச் சோதனையைப் பகலில் மட்டுமே செய்திருந்தேன். அந்த ஒரு படத்துக்கு மட்டும் பூச்சுள்ள கண்ணாடி வாங்கப் போகிறேன். அந்தச் சிறிய அளவில் நான்கு மடங்கு விலையும் தாங்கக்கூடியதே.